ஐந்தாவது நிலை எதற்கு?

ஒரு கம்பியில் ஒன்றும் பூச்சியமுமாகப் பிட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் நடுவே 1011 என்ற வரிசை வரும்போதெல்லாம் இன்னொரு கம்பி உயர்ந்து, 'வந்துவிட்டது' என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட சுற்றுக்கு வரிசை காட்டி என்று பெயர். தகவல் தொடர்பில் இதற்கு நிஜமான வேலை உண்டு. எச்டிஎல்சி என்னும் நெறிமுறையில் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் 01111110 என்ற எட்டு பிட்டுகளில்தான் தொடங்குகிறது, அதிலேயே முடிகிறது. அந்த எட்டையும் அடையாளம் காணாத கருவிக்குப் பொட்டலம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. நாம் இங்கே நான்கு பிட்டோடு நிறுத்திக்கொள்வோம். இதே வேலையைச் செய்ய மீலி வழி, மூர் வழி என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சிறிய சுற்றிலேயே முழுதாகத் தெரிந்துவிடும்.

அதற்கு முன் இரண்டு உறுப்புகளை அறிந்துகொண்டால் போதும். ஒன்று ஃப்ளிப்-ஃப்ளாப். இது ஒரு பிட்டை நினைவில் வைத்திருக்கும். க்ளாக் என்ற துடிப்பு பூச்சியத்திலிருந்து ஒன்றுக்கு ஏறும் அந்தக் கணத்தில் மட்டும் புதிய மதிப்பை ஏற்கும். மற்ற நேரங்களில் உள்ளே வரும் கம்பி எப்படி ஆடினாலும் அசையாது. இன்னொன்று கேட். இதற்கு நினைவு கிடையாது. உள்ளே வருவது மாறினால் வெளியே போவதும் உடனே மாறும், க்ளாக்குக்காகக் காத்திருக்காது. மூருக்கும் மீலிக்கும் உள்ள வேறுபாடு இந்தக் காத்திருத்தலில்தான் இருக்கிறது.

வரிசை காட்டி கடந்துபோன பிட்டுகளையெல்லாம் நினைவில் வைக்க வேண்டியதில்லை. 1011-இல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தால் போதும். எதுவும் கிடைக்காத நிலை A. கடைசியாக 1 வந்திருந்தால் B. 10 வந்திருந்தால் C. 101 வந்திருந்தால் D. D-யில் இருக்கும்போது இன்னொரு 1 வந்தால் வரிசை முழுமையாகிறது.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: D-யில் இருக்கும்போது 1-க்குப் பதில் 0 வந்தால் எங்கே போவது? 'தவறிவிட்டது, மறுபடி A' என்றுதான் கை எழுதும். அது பிழை. இதுவரை வந்தது 1010. அதன் கடைசி இரண்டு பிட்டுகளான 10 இன்னும் பயன்படும். எனவே C-க்குத்தான் போக வேண்டும். இதைச் சோதிக்க 101011 என்று கொடுத்துப் பார்க்கலாம். சரியான சுற்று ஆறாவது பிட்டில் கண்டுபிடிக்கும். A-க்குத் திரும்பிய சுற்று கோட்டைவிடும். அதேபோல, வரிசை முழுமையானதும் A-க்குப் போகக் கூடாது. கடைசியில் வந்த 1 அடுத்த வரிசையின் முதல் 1 ஆகலாம் என்பதால் B-க்குப் போக வேண்டும். 1011011 என்ற ஏழு பிட்டுகளில் நாம் தேடும் வரிசை இரண்டு முறை இருக்கிறது. நடுவிலுள்ள 1 இரண்டுக்கும் பொது.

இதை வெரிலாக் மொழியில் எழுதினால் இப்படி இருக்கும். x என்பது உள்ளே வரும் பிட். Z என்பது நாம் உயர்த்த வேண்டிய கம்பி.

```verilog
localparam A=2'b00, B=2'b01, C=2'b10, D=2'b11;

always @(posedge clk)
  if (reset) state <= A;
  else       state <= next;

always @(*)
  case (state)
    A: next = x ? B : A;
    B: next = x ? B : C;
    C: next = x ? D : A;
    D: next = x ? B : C;
  endcase

assign z = (state == D) && x;
```

முதல் பகுதி ஃப்ளிப்-ஃப்ளாப்புகள்: க்ளாக் ஏறும்போது நிலை மாறுகிறது. இரண்டாவது பகுதி கேட்டுகள்: அடுத்து எங்கே போவது என்று கணக்கிடுகின்றன. கவனிக்க வேண்டியது கடைசி வரி. நிலை D ஆக இருக்க வேண்டும், கூடவே இப்போது x ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது z ஒன்று. வெளியீடு நிலையையும் பார்க்கிறது, உள்ளே வந்துகொண்டிருக்கும் பிட்டையும் நேராகப் பார்க்கிறது. இதுதான் மீலி.

மூர் வழியில் வெளியீடு நிலையை மட்டுமே பார்க்கலாம். X-ஐத் தொடக் கூடாது. அப்படியானால் 'முழு வரிசையும் வந்துவிட்டது' என்பதற்கே ஒரு தனி நிலை வேண்டும். அதுதான் ஐந்தாவது நிலையான E.

```verilog
    D: next = x ? E : C;
    E: next = x ? B : C;
    default: next = A;
  // ...
assign z = (state == E);
```

இரண்டு இடங்களில் அந்த E வரியையும், முந்தைய நிரலில் உள்ள B வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1 வந்தால் B, 0 வந்தால் C: இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. எதிர்காலத்தைப் பொறுத்தவரை B-க்கும் E-க்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஒன்றில் z பூச்சியம், மற்றதில் z ஒன்று, அவ்வளவுதான். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. மூர் இயந்திரத்தின் கூடுதல் நிலை வரிசையைப் பற்றிப் புதிதாக எதையும் நினைவில் வைக்கவில்லை. 'இப்போதுதான் கண்டுபிடித்தேன்' என்ற ஒரே செய்தியை ஒரு க்ளாக் நேரம் பிடித்து வைத்திருக்கிறது.

அதற்கொரு விலையும் உண்டு. நான்கு நிலைகளுக்கு இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்புகள் போதும். ஐந்துக்கு மூன்று வேண்டும். மூன்று பிட்டில் எட்டு எண்கள் அடங்கும் என்பதால் மூன்று எண்கள் பயனின்றி மிஞ்சும். default வரி அவற்றுக்காகத்தான். அதை விட்டுவிட்டால், அந்த மூன்று எண்களில் next என்னவாக வேண்டும் என்று சொல்லாததால், பழைய மதிப்பையே வைத்திரு என்று மென்பொருள் பொருள்கொண்டு நாம் கேட்காத லாட்ச் ஒன்றைச் சுற்றில் சேர்த்துவிடும்.

இந்தப் பெயர்கள் இருவருடையவை. ஜார்ஜ் மீலியும் எட்வர்ட் மூரும் பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர்கள். மீலியின் கட்டுரை 1955-இல் பெல் சிஸ்டம் டெக்னிக்கல் ஜர்னலில் வந்தது. நினைவுள்ள சுற்றுகளை முறையாக வடிவமைப்பது எப்படி என்பது அவர் அக்கறை. மூரின் கட்டுரை 1956-இல் ஷானனும் மெக்கார்த்தியும் தொகுத்த நூலில் வெளியானது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒரு பெட்டிக்கு உள்ளீடுகளைக் கொடுத்து, வெளியீடுகளைப் பார்த்தே அதன் உள் நிலைகளை எவ்வளவு தூரம் ஊகிக்கலாம் என்று அவர் கேட்டார்.

இனி நேரத்தைப் பார்ப்போம். க்ளாக் 5, 15, 25, 35 என்று பத்து நானோ வினாடிக்கு ஒருமுறை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை நிரலில் x-ஐ க்ளாக் இறங்கும் 10, 20, 30 ஆகிய நேரங்களில் மாற்றுகிறோம். இது பரவலாக உள்ள பழக்கம்தான். இப்போது 1011 அனுப்புவோம். 5-இல் B, 15-இல் C, 25-இல் D. நான்காவது பிட்டும் 1 என்பதால் மீலியின் z 25 முதல் 35 வரை உயர்ந்திருக்கும். மூரில் 35-ஆவது நானோ வினாடியில் க்ளாக் ஏறிய பிறகுதான் நிலை E ஆகிறது. எனவே அதன் z 35 முதல் 45 வரை. மூர் ஒரு க்ளாக் தாமதம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் பாதிக் கதைதான் இது. இப்போது 1010 அனுப்பிப் பாருங்கள். இதில் நாம் தேடும் வரிசையே இல்லை. 25-இல் நிலை D ஆகிறது. அந்தக் கணத்தில் x எந்த மதிப்பில் இருக்கிறது? மூன்றாவது பிட்டான 1 இன்னும் கம்பியிலேயே நிற்கிறது. நான்காவது பிட்டான 0 வருவது 30-இல்தான். எனவே 25 முதல் 30 வரை 'நிலை D, x ஒன்று' என்ற நிபந்தனை உண்மையாகி, z உயர்ந்துவிடுகிறது. ஒரே 1 மூன்றாவது பிட்டாகவும் நான்காவது பிட்டாகவும் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. அலைவரைபடத்தில் ஐந்து நானோ வினாடி அகலத்தில் ஒரு பொய்த் துடிப்பு தெரியும்.

நிரலில் பிழை தேடி மணிக்கணக்கில் அலைய வைக்கும் துடிப்பு இது. நிரலில் பிழை இல்லை. மீலியின் வெளியீட்டை எப்போது நம்பலாம் என்பதில் இருக்கிறது விஷயம்: அடுத்த க்ளாக் ஏறும் கணத்தில் மட்டும். 35-இல் பார்த்தால் x பூச்சியம், z-உம் பூச்சியம், சரியான விடை. எனவே z-ஐப் படிக்கும் சுற்றும் அதே க்ளாக்கில் ஓடினால் பொய்த் துடிப்பால் எந்தத் தீங்கும் இல்லை. 1011 எத்தனை முறை வந்தது என்று எண்ணும் எண்ணி ஒன்றை இணைப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணியின் க்ளாக்காக clk-ஐயே கொடுத்து, z ஒன்றாக இருந்தால் கூட்டு என்று எழுதினால் எண்ணிக்கை சரியாக வரும். z-ஐயே எண்ணியின் க்ளாக்காகக் கொடுத்தால் ஒவ்வொரு பொய்த் துடிப்பும் ஓர் எண்ணைக் கூட்டிவிடும். எண்ணிக்கை கூடுதலாக வருகிறதா என்று அறிய, 1010 மட்டுமே திரும்பத் திரும்ப வரும் உள்ளீட்டைக் கொடுங்கள். எண்ணி பூச்சியத்திலேயே நிற்க வேண்டும்.

மீலியின் z-ஐ ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் வழியாக அனுப்பினால் இந்தத் தொல்லை தீரும். பொய்த் துடிப்பு உள்ளே நுழையாது. மெய்யான துடிப்பு 35-இல் ஏறி 45-இல் இறங்கும். மூரின் z இருந்த அதே நேரம். இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்போடு ஒன்று சேர்ந்து மூன்றாகிவிட்டது. அதுவும் மூரின் கணக்கு. இது தற்செயல் அல்ல. மூரில் B-க்கு 001 என்றும் E-க்கு 101 என்றும் எண் கொடுத்துப் பாருங்கள். வலப்பக்கத்து இரண்டு பிட்டுகள் ஒன்றே. இடப்பக்கத்துப் பிட்தான் z. மீலியின் வெளியீட்டுக்குப் பின்னால் நாம் ஒட்டிய அந்த ஃப்ளிப்-ஃப்ளாப்தான் ஐந்தாவது நிலை.

அப்படியானால் எப்போதும் மூரையே எழுதலாமே என்று கேட்கலாம். வெளியே போகும் கம்பி வேறொரு சில்லுக்கோ வேறொரு க்ளாக்கில் ஓடும் பகுதிக்கோ போகிறது என்றால் நான் யோசிக்காமல் மூரையோ ஃப்ளிப்-ஃப்ளாப் சேர்த்த மீலியையோதான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அந்த ஒரு க்ளாக் தாமதத்தைத் தாங்க முடியாத இடங்கள் உண்டு. தரவைப் பெறும் பகுதி 'இடமில்லை, நிறுத்து' என்று அனுப்புபவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்போது அந்தச் செய்தி ஒரு க்ளாக் தாமதமானால், அதற்குள் இன்னொரு தரவு கிளம்பியிருக்கும். அதை வைக்க ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கியிருந்தாலொழிய அது தொலைந்துபோகும். அங்கே மீலிதான் இயல்பான விடை.

அப்படித் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு மீலியின் வெளியீடு இரண்டாவது மீலிக்கு உள்ளீடாகவும், இரண்டாவதன் வெளியீடு முதலாவதற்கு உள்ளீடாகவும் இருந்தால், நடுவில் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்கூட இல்லாமல் கேட்டுகள் தாமே ஒரு வளையமாகிவிடலாம். அந்த வளையத்தில் மதிப்பு நிலைகொள்ளாமல் சுழலக்கூடும். அப்போது சிமுலேஷன் நேரம் நகராமல் ஒரே நானோ வினாடியில் மாட்டிக்கொள்ளலாம். சுற்றை உருவாக்கும் மென்பொருள் பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்து combinational loop என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால், இரண்டில் ஒரு வெளியீட்டை ஃப்ளிப்-ஃப்ளாப் வழியாக அனுப்பி வளையத்தை வெட்ட வேண்டும். எந்தப் பக்கம் ஒரு க்ளாக் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமோ அந்தப் பக்கத்தில்.