எண்ணாயிரம் மாதிரிகளில் ஒரு குரல்

டிஜிட்டல் தொலைபேசி இணைப்பகம் நம் குரலைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. நொடிக்கு 8000 முறை, அதாவது 125 மைக்ரோநொடிக்கு ஒரு தடவை, அதன் அளவைக் குறித்துக்கொள்கிறது. இடையில் உள்ளதைக் கைவிட்ட பிறகும் குரல் எப்படித் திரும்பக் கிடைக்கிறது? விடை, மாதிரி எடுத்த சிக்னலின் நிறமாலையில் இருக்கிறது.

மாதிரி எடுப்பதைக் கணிதத்தில் ஒரு பெருக்கலாக எழுதலாம். T நேரத்துக்கு ஒன்றாக வரும், அகலமே இல்லாத, பரப்பு 1 கொண்ட துடிப்புகளின் வரிசையை p(t) என்போம். குரல் x(t)-ஐ அதனால் பெருக்கினால், துடிப்பு விழும் கணங்களின் மதிப்புகள் மட்டும் மிஞ்சும்.

துடிப்பு வரிசை சீராகத் திரும்பத் திரும்ப வருவதால் அதை ஃபூரியர் தொடராக விரிக்கலாம். ஒவ்வொரு கெழுவையும் காண, p(t)-ஐ ஒரு சுழல் அலையால் பெருக்கி, ஒரு சுற்றுக்குத் தொகையிட்டு, T-யால் வகுக்க வேண்டும். ஒரு சுற்றில் இருப்பது t = 0-இல் ஒரே துடிப்பு. அந்தக் கணத்தில் எல்லாச் சுழல் அலைகளின் மதிப்பும் 1. ஆகவே கெழுக்கள் அனைத்தும் 1/T. மாதிரி வீதம் fs = 1/T எனில்:

p(t) = (1/T) Σ e^(j2πk·fs·t)

ஒரு சுழல் அலையின் ஃபூரியர் உருமாற்றம், அதன் அதிர்வெண்ணில் நிற்கும் ஒற்றைத் துடிப்பு. எனவே காலத்தில் T இடைவெளியில் நின்ற வரிசை, அதிர்வெண்ணில் fs இடைவெளியில் நிற்கும் வரிசையாகிறது:

P(f) = (1/T) Σ δ(f − k·fs)

இனி மேலே விரித்த தொடரை x(t)-ஆல் பெருக்குவோம். சுழல் அலையால் பெருக்கப்பட்ட சிக்னலின் நிறமாலை, உருமாறாமல் k·fs தூரம் நகர்கிறது. எல்லா உறுப்புகளையும் கூட்டினால்:

Xs(f) = (1/T) Σ X(f − k·fs)

குரலின் நிறமாலை 0, ±8000, ±16000 ஹெர்ட்ஸைச் சுற்றி நகல்களாக நிற்கிறது என்பதே இதன் பொருள். தொலைபேசிக் குரல் 3400 ஹெர்ட்ஸோடு முடிகிறது. 8000-ஐச் சுற்றிய நகல் 4600-இல் தொடங்குகிறது. நடுவே 1200 ஹெர்ட்ஸ் காலியாக இருப்பதால், ஒரு வடிகட்டி அங்கே வெட்டி, அசல் நிறமாலையை மட்டும் பிரித்தெடுத்துவிடும்.

5000 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளே நுழைந்துவிட்டால் கதை மாறும். அதன் நிறமாலையில் +5000, −5000 என இரு கோடுகள் உண்டு. −5000-இன் நகல் 8000 நகர்ந்து 3000-இல் விழும். கேட்பவருக்கு அது அசலான 3000 ஹெர்ட்ஸ் ஒலியாகவே கேட்கும். ஒலியின் அதிர்வெண்ணை மெல்ல உயர்த்திச் சோதித்தால் இந்தக் கோளாறு தெரியும்: 4000-ஐத் தாண்டியதும் வெளியே கேட்கும் சுருதி ஏறுவதற்குப் பதிலாக இறங்கத் தொடங்கும்.

அகலமற்ற துடிப்பை எந்தச் சுற்றாலும் உண்டாக்க முடியாது. உண்மையில் குரலைத் திரும்ப உருவாக்கும் கருவி, ஒவ்வொரு மதிப்பையும் அடுத்தது வரும்வரை பிடித்து வைக்கிறது. அதனால் 3400 ஹெர்ட்ஸில் வீச்சு ஏறத்தாழ 73 சதவீதமாகக் குறையும். இதைப் பின்னால் ஈடுகட்டலாம். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்ட நகல்களை எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. ஆகவே 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டும் வடிகட்டி, மாதிரி எடுப்பதற்கு முன்பே இருந்தாக வேண்டும்.