வாட்டர்ஃபாலா, ஸ்க்ரமா? ஒப்பிட்டு எழுதும் முறை

திட்ட மேலாண்மை முறைகள் இரண்டை ஒப்பிட்டு அசைன்மென்ட் எழுதச் சொன்னால், பல மாணவர்கள் பாதிப் பக்கங்களை வாட்டர்ஃபாலுக்கும் மீதியை ஸ்க்ரமுக்கும் ஒதுக்கி, 'இரண்டிலும் நிறைகுறை உண்டு' என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டு அறிமுகங்கள் கிடைக்கின்றன. ஒப்பீடு நடக்கவே இல்லை.

முறைகளை விட்டுவிட்டு அளவுகோல்களைத் தலைப்பாக்குங்கள். அவை உங்கள் கேள்வியிலிருந்து பிறக்க வேண்டும். 'தேவைகள் நடுவழியில் மாறக்கூடிய அரசு மென்பொருளுக்கு எது பொருந்தும்?' என்று கேட்டால், மாற்றத்தை ஏற்கும் விதம், கோளாறு வெளிப்படும் நேரம், செலவை முன்கூட்டிச் சொல்லும் திறன் என மூன்று போதும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு முறைகளும் அருகருகே வர வேண்டும்.

இரண்டாவது அளவுகோலை எழுதிப் பார்ப்போம். வாட்டர்ஃபாலில் சோதனை கடைசியில் வருவதால் கோளாறும் தாமதமாகவே தெரியும். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் தன் கட்டுரையில் இந்த ஆபத்தைத்தான் எச்சரித்தார். அவரை வாட்டர்ஃபாலின் ஆதரவாளராக மேற்கோள் காட்டுபவர்கள் மூலத்தைப் படிக்காதவர்கள். ஸ்க்ரமில் ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரின்ட் ஒவ்வொன்றின் முடிவிலும் செய்த வேலை பார்வைக்கு வந்துவிடும்.

இது கோட்பாடு. சான்றுக்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. உருவாக்கிய சென்டினல் மென்பொருளை எடுக்கலாம். 2006-இல் லாக்ஹீட் மார்ட்டினிடம் ஒப்படைக்கப்பட்ட பணி தாமதமானதால், 2010-இல் எஃப்.பி.ஐ. அதைத் தன் பொறுப்பில் எடுத்து, இரண்டு வார ஸ்பிரின்ட்களாக நடத்தியது. 2012 ஜூலையில் மென்பொருள் பயன்பாட்டுக்கு வந்தது. இவற்றையெல்லாம் அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கைகளில் பார்க்கலாம்.

'ஸ்க்ரம் வென்றது' என்று எழுத இங்கேதான் கை துறுதுறுக்கும். பொறுங்கள். பழைய திட்டமும் நான்கு கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது; அது கலப்பில்லாத வாட்டர்ஃபால் அல்ல. முறை மாறியபோது குழுவும் சிறிதானது, பொறுப்பும் கைமாறியது. புதிய முறையிலும் 2011 செப்டம்பர் என்ற கெடு தவறியது. ஆகவே வெற்றிக்கு முறை மட்டுமே காரணம் என்று இந்தச் சான்று நிறுவவில்லை. இந்த வரம்பை நீங்களே எழுதிவிட்டால் உங்கள் வாதம் உறுதியாகும். மறைத்தால், திருத்துபவர் அதையே பிடித்துக்கொள்வார்.

முடிவுரையில் எந்த அளவுகோலுக்கு அதிக எடை கொடுத்தீர்கள், ஏன் என்பதைச் சொல்லுங்கள். உதாரணமாக: 'தேவைகள் மாறும் என்பதால் கோளாறு சீக்கிரம் தெரிவதையே முதன்மையாகக் கொண்டேன், எனவே ஸ்க்ரம். ஒப்பந்தத்திலேயே தேவைகளும் விலையும் இறுதியாகிவிட்ட திட்டமாக இருந்தால், செலவைக் கணிக்கும் திறன் முந்தும்; அப்போது வாட்டர்ஃபாலைத் தேர்ந்திருப்பேன்.' இந்த இரண்டாம் பகுதி இல்லாத முடிவுரைக்கு முழு மதிப்பெண் எதிர்பார்க்காதீர்கள்.