டிஜிட்டல் பிளேஸ்டேஷனுக்கு ஒரு டிஸ்க் டிரைவ்

என் அக்கா மகன் பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் டிஜிட்டல் வாங்கியபோது, டிஸ்க் யாருக்கு வேண்டும் என்றான். ஆறு மாதம் கழித்து, நண்பன் விளையாடி முடித்த டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போட இடமில்லாமல் நின்றான். பிறகு டிரைவைத் தனியாக வாங்கினான். இருவரும் உட்கார்ந்து பொருத்தினோம்.

இந்த வசதி 2023 நவம்பரில் வந்த ஸ்லிம் மாடலிலிருந்துதான் தொடங்குகிறது. 2024-இல் வந்த புரோவுக்கும் அதே டிரைவ்தான். 2020-இல் வெளியான முதல் டிஜிட்டல் மாடலில் இதைப் பொருத்த இடமே கிடையாது. கம்ப்யூட்டருக்கு வாங்கும் யுஎஸ்பி டிரைவைச் செருகினாலும் எந்த மாடலும் ஏற்காது. பழைய மாடலா, ஸ்லிம்மா என்று பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம்: ஸ்லிம்மில் வெளிமூடி நான்கு துண்டுகளாகப் பிரிந்திருக்கும்.

விலையில் ஒரு கணக்கு உண்டு. வெளியானபோது அமெரிக்காவில் டிஜிட்டல் மாடல் 449.99 டாலர், டிரைவோடு வந்தது 499.99 டாலர். வித்தியாசம் 50 டாலர். தனி டிரைவின் விலையோ 79.99. ஆக, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர் 30 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார். டிஸ்க் வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்தால், டிரைவோடு வரும் மாடலை வாங்குவதே மிச்சம்.

பொருத்துவதற்குத் திருப்புளி வேண்டாம். ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, எல்லா வயர்களையும் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியைப் படுக்க வைக்கும்போது அடிப்பக்கமாக வரும் பக்கத்தை மேலே திருப்பினால், அதிலுள்ள கீழ்த்துண்டு மூடி கையால் இழுக்க வந்துவிடும். முதல் தடவை உடைந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கும். உள்ளே டிரைவுக்கான பள்ளமும் இணைப்பு முனையும் தெரியும். டிரைவை நேராக வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் உட்காரவில்லை என்றுதான் பொருள். எடுத்து மறுபடி வையுங்கள். அதன்மேல் டிரைவுக்கென்று வரும் புடைத்த மூடி. கழற்றிய பழைய தட்டை மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிரைவை என்றாவது கழற்றினால் அதுதான் தேவைப்படும்.

இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. ஆனால் இத்தோடு டிரைவ் வேலை செய்யாது. பெட்டியை இயக்கியதும், இந்த டிரைவை இந்தப் பெட்டியோடு இணைக்க வேண்டும் என்று திரையில் கேட்கும். அதற்கு இணையம் கட்டாயம். சோனியின் சர்வர் ஒப்புக்கொண்ட பிறகுதான் டிஸ்க் படிக்கும்.

ஏன் இந்தக் கெடுபிடி? அசல் டிஸ்க்கா, நகலா என்று கண்டறிவதில் டிரைவுக்குப் பங்கு உண்டு. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் டிரைவின் உள் மென்பொருளை மாற்றியே திருட்டு நகல்களை ஓட்டினார்கள். அதனால்தான் கேம் பெட்டிகளில் டிரைவையும் மதர்போர்டையும் வெகுகாலமாகப் பிணைத்தே வைத்திருக்கிறார்கள். முதல் பிளேஸ்டேஷன் 5-இல் அந்தப் பிணைப்பு தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். இங்கே அது நம் வீட்டில் நடக்கிறது.

காரணம் புரிகிறது. ஆனாலும் எனக்கு இது உறுத்துகிறது. 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க முடங்கியது. என்றாவது ஒருநாள் அந்தச் சர்வரை நிரந்தரமாக மூடினால், பிணைக்கப்படாத டிரைவ் வெறும் பிளாஸ்டிக்தான். ஆகவே டிரைவ் வாங்கினால் அலமாரியில் வைக்காமல் அன்றே இணைத்துவிடுங்கள். ஒருமுறை இணைத்த பிறகு இணையம் இல்லாமலும் டிஸ்க் ஓடும். வேறொரு பெட்டிக்கு மாற்றினால் அங்கே மறுபடி இணைக்க வேண்டும்.

சரி, என்ன மாறும்? பிளேஸ்டேஷன் 5, 4 கேம் டிஸ்க்குகளும், 4கே உட்பட ப்ளூ-ரே படங்களும், டிவிடியும் ஓடும். பாட்டு சிடி ஓடாது. பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் வைத்திருப்பவருக்குத்தான் பெரிய லாபம். 'தி விட்சர் 3' டிஸ்க்கைப் போட்டால் அதன் பிளேஸ்டேஷன் 5 வடிவத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். டிரைவ் இல்லாத வரை அந்த டிஸ்க் பயனற்றுக் கிடந்தது.

அக்கா மகன் எதிர்பார்த்த ஒன்று மட்டும் நடக்கவில்லை. டிஸ்க் இருந்தால் உள்ளே இடம் மிச்சமாகும் என்று நினைத்திருந்தான். கேம் முழுவதும் எஸ்எஸ்டியில் பதிவாகித்தான் ஓடும். டிஸ்க் ஒரு சாவி மாதிரி. விளையாடும்போதெல்லாம் அது உள்ளே இருக்க வேண்டும். நண்பனின் டிஸ்க்கைப் பதிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தான். அன்று மாலை கேமைத் தொட்டதும் டிஸ்க்கைப் போடச் சொல்லித் திரை கேட்டது.