மலையேறும் லாரியில் எந்தச் செய்தி முந்தும்?

கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி. கேன் கம்பியில் ஜி.பி.எஸ். கருவியை இணைத்தால் ஏ.பி.எஸ். செய்தி தாமதமாகுமா? ‘முக்கியச் செய்தி உடனே போய்விடும்’ என்கிறார்கள் விற்பவர்கள். அந்த ‘உடனே’ முழு உண்மை அல்ல.

மழை நாளில் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வெள்ளிமலைக்கு ஏறும் லாரியை எடுத்துக்கொள்வோம். ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது. சக்கர வழுக்கலைத் தடுக்கும் வசதி உள்ள வண்டியில், ஏ.பி.எஸ். பெட்டி ‘இழுவையைக் குறை’ என்று எஞ்சினுக்குச் சொல்ல வேண்டும். கனரக வண்டிகளுக்கான ஜே1939 முறையில் அந்தச் செய்தியின் எண் 0C00000B. அதே நொடியில் எஞ்சின் பெட்டி தன் தண்ணீர்ச் சூட்டை 18FEEE00 என்ற எண்ணில் அனுப்பத் தொடங்குகிறது.

இரண்டும் ஒரே கம்பியில், ஒரே நேரத்தில் தம் எண்ணைப் பிட் பிட்டாக அனுப்புகின்றன. ஒன்று 0, மற்றொன்று 1 அனுப்பினால் கம்பியில் 0 மட்டுமே நிற்கும். ஒவ்வொரு பெட்டியும் அனுப்பிக்கொண்டே கம்பியைக் கவனிக்கிறது. ஏ.பி.எஸ். எண்ணின் முதல் மூன்று பிட்டுகள் 011. சூட்டுச் செய்திக்கு 110. முதல் பிட்டிலேயே எஞ்சின் பெட்டி 1 அனுப்பி 0-ஐப் பார்க்கிறது. உடனே பின்வாங்கிக் கேட்கத் தொடங்குகிறது. ஏ.பி.எஸ். செய்தியில் ஒரு பிட்கூடக் கெடுவதில்லை. போட்டி நடந்ததே அதற்குத் தெரியாது. தோற்ற செய்தி, கம்பி ஓய்ந்ததும் தானாக மறுபடி முயலும். நடுவர் யாருமில்லாமல் இது முடிவதுதான் இதன் அழகு.

ஆனால் ஏற்கெனவே ஓடும் செய்தியை யாரும் இடைமறிக்க முடியாது. நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஒரு முழுச் செய்தி முடிய அரை மில்லி நொடிக்குச் சற்றுக் கூடுதலாகும், ஏ.பி.எஸ்.ஸும் அதுவரை காத்திருக்கும். இந்தக் காத்திருப்பு ஆபத்தானதல்ல.

என்னைக் கவலைப்படுத்துவது வேறு. எண் சிறியதா என்று மட்டுமே கம்பி பார்க்கும். அனுப்புவது யார் என்று சோதிக்காது. பழுதான கருவியொன்று சிறிய எண்ணில் இடைவிடாமல் அனுப்பினால், பெரிய எண்காரர்கள் வரிசையிலேயே நிற்பார்கள். ஸ்கேனரில் கம்பியின் சுமை ஏறியிருப்பதும், மீட்டர் முள் விட்டுவிட்டு நகர்வதும் அதன் அடையாளம்.

பிரேக்கே பிடிக்காதா? பிடிக்கும், ஏர் பிரேக் காற்றில் இயங்குகிறது, கேன் செய்தியில் அல்ல.

செய்தி அனுப்பாமல் கேட்க மட்டும் செய்யும் ஜி.பி.எஸ். கருவி? வரிசையில் யாரையும் தாமதப்படுத்தாது.

கம்பி நலமா என்று எப்படிப் பார்ப்பது? பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு கேன் கம்பிகளுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும்; 120 காட்டினால் ஒரு முனைத் தடை இணைப்பில் இல்லை, அல்லது கம்பி அறுந்திருக்கிறது.

கருவி மாட்டுபவரிடம் ‘இது கேட்க மட்டும் செய்யுமா, அனுப்பவும் செய்யுமா?’ என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.