புள்ளி முட்டையாகிவிட்டதா?

ஏ3 தாளில் அச்சிட்ட ஒரு சுவரொட்டியைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டு, வடிவமைப்பு சொல்லித்தரும் அந்த ஆசிரியை கடைசி பெஞ்சுக்குப் போய் நின்றுகொண்டார். மாணவர் ஒருவர் செய்த பயிற்சி வேலை அது. தலைப்பு 'இரத்த தான முகாம்'. அடியில் 'குருதி கொடுப்போம்' என்று ஒரு வரி. பிறகு நாள், நேரம், இடம். தகவலில் குறையே இல்லை. ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து யாராலும் இடத்தைப் படிக்க முடியவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அன்று அவர் நடத்திய பாடம் முழுவதும் அந்த ஒரு தாளைச் சுற்றியே நடந்தது.

முதல் தவறு எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்து வரிகளுக்கு ஐந்து எழுத்துருக்கள். "ஒவ்வொரு வரியும் 'என்னைப் பார்'னு கத்துது. அதனால எதையும் பார்க்க முடியல" என்றார். ஒரே எழுத்துருவை எடுத்துக்கொண்டு, தலைப்புக்குத் தடித்ததும் மற்றவற்றுக்குச் சாதாரணமும் வைத்தாலே வேறுபாடு வந்துவிடும். அலங்கார எழுத்து வேண்டுமென்றால் தலைப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இழுப்பது. தலைப்பு தாளின் இரு ஓரங்களையும் தொட்டுக்கொண்டிருந்தது. "ஏன் இப்படி?" என்று கேட்டார். "இடம் காலியா இருந்துச்சு மேடம்" என்றார் மாணவர். அகலவாட்டில் மட்டும் இழுத்தால் நிமிர்ந்த கோடுகள் பருத்துப்போகும். படுத்த கோடுகள் பழையபடி மெல்லியதாகவே நிற்கும். எழுத்தை வரைந்தவர் கணக்குப் பார்த்து வைத்த தடிமன் அங்கே குலைந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆசிரியை ஒரு எளிய வழி சொன்னார்: மெய்யெழுத்தின் புள்ளியைப் பாருங்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் அது வட்டம். அது முட்டையாகியிருந்தால் யாரோ இழுத்திருக்கிறார்கள். 'முகாம்' என்பதில் இருந்த புள்ளி அன்று நல்ல முட்டையாகவே இருந்தது. பெரிதாக்க வேண்டுமென்றால் உயரத்தையும் அகலத்தையும் சேர்த்தே கூட்ட வேண்டும். குறுகிய இடத்தில் அடக்க வேண்டுமென்றால், ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துரு இருக்கிறது. Noto Sans Tamil Condensed அப்படிப்பட்டது.

மூன்றாவது தவறில்தான் அவர் நெடுநேரம் நின்றார். 'கொடுப்போம்' என்ற சொல்லில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தார் மாணவர். ஆங்கிலச் சுவரொட்டிகளில் பெரிய எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது அழகாக இருக்கும். அதைப் பார்த்துச் செய்தது. தமிழில் 'கொ' ஓர் எழுத்து. ஆனால் தாளில் அது கொம்பு, க, கால் என மூன்று துண்டு. மென்பொருளில் இடைவெளியைக் கூட்டினால் பல நேரம் இந்தத் துண்டுகளும் பிரிந்துபோகும். 'போ'வின் இரட்டைக்கொம்பு முன்னால் இருந்த 'ப்'புக்கும் தன்னுடைய 'ப'வுக்கும் நடுவே அநாதையாக நின்றது. கால் வேறெங்கோ போய் நின்றது. கண் ஒவ்வொரு துண்டையும் பொறுக்கிச் சேர்த்துத்தான் சொல்லைப் படிக்க வேண்டியிருந்தது. எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அளவையோ தடிமனையோ கூட்டுங்கள், இடைவெளியைச் சுழியத்திலேயே விடுங்கள் என்றார்.

நான்காவது, வரிகளுக்கு நடுவே உள்ள இடம். அடோபி மென்பொருள்கள் தாமாகவே எழுத்தளவில் 120 விழுக்காடு வைக்கின்றன. தமிழில் பல எழுத்துருக்களுக்கு அது போதாது. மேலே புள்ளியும் இகரச் சுழியும் ஏறி நிற்கின்றன. கீழே 'த', 'ர', 'று' போன்றவற்றின் வால் இறங்குகிறது. சுவரொட்டியில் 'இரத்த தான' மேல் வரி, 'முகாம்' கீழ் வரி. 'தா'வின் வால் கீழே இறங்கி 'ம்'மின் புள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளியே காணோம்; 'முகாம' என்றுதான் தெரிந்தது. சிறிய எழுத்துக்கு ஒன்றரை மடங்கில் தொடங்கலாம். தலைப்புக்கு அதைவிடக் குறைக்கலாம். எங்கே நிறுத்துவது என்பதை அந்த எழுத்துருவின் வாலும் புள்ளியும்தான் சொல்லும்.

ஐந்தாவது, தூரத்தை மறப்பது. கணினித் திரையில் முகத்துக்கு நேரே பார்த்து வடிவமைக்கிறோம். படிப்பவரோ சாலையோரம் நடந்துபோகிறார். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. 72 பாயிண்ட் என்று வைத்தால் 1 அங்குலம் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அந்த அளவுக்குள் மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் உள்ள இடமும் அடங்கும். 'க' அதில் பாதியளவுதான் இருக்கும். ஆகவே அச்செடுத்து அளவுகோலை வைத்துப் பாருங்கள் என்றார்.

மாணவர் அங்கேயே திருத்தினார். ஒரே எழுத்துரு. இழுக்காத தலைப்பு 1 அங்குல உயரத்தில் நின்றது. இரு ஓரமும் சும்மா கிடந்தன. நாளும் இடமும் முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்கு. புதுத்தாளை அதே கரும்பலகையில் ஒட்டிவிட்டு அவரே கடைசி பெஞ்சுக்கு நடந்தார். முதலில் இடத்தைப் படித்தார். அப்புறம் புள்ளியைப் பார்த்தார். வட்டமாக இருந்தது.