தேளா, தோளா, தேனா?

எழுத்துக்கூட்டத் தொடங்கியுள்ள குழந்தைக்கான படவினாவில் மேலே ஒரு படமும் கீழே மூன்று சொற்களும் இருக்கும். படத்துக்குரிய சொல்லைக் குழந்தை வட்டமிட வேண்டும். பார்க்க எளிய வேலைதான். ஆனால் வாசிக்காமலே சரியான விடையைத் தொட்டுவிடும்படி அமைந்த வினாக்கள் ஏராளம்.

தேள் படத்தின் கீழ் தேள், ஆடு, பட்டாம்பூச்சி என்று போட்டால், முதல் எழுத்தை மட்டும் அறிந்த குழந்தையும் சரியாகச் சொல்லிவிடும். தேள், தோள், தேன் என்று போட்டால் அப்படி முடியாது. 'தோள்' என்பதை வட்டமிடும் குழந்தை இரட்டைக்கொம்பைப் பார்த்திருக்கிறது, அடுத்து வரும் காலைக் கவனிக்கவில்லை. 'தேன்' என்பதை வட்டமிடும் குழந்தை முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. தவறான விடையே எங்கே தடுமாற்றம் என்று காட்டிக்கொடுக்கிறது. தோளைப் படமாக வரைவது கடினம், அம்புக்குறி போட்டாலும் குழந்தை 'கை' என்றே சொல்லும். எனினும் அது இங்கே வெறும் மாற்றுச்சொல் என்பதால் வரையத் தேவையில்லை.

படத்தைத் தேர்வதில்தான் பெரும்பாலான வினாக்கள் கெடுகின்றன. பாடநூலில் 'குவளை' என்றிருக்கும், வீட்டில் அதற்கு டம்ளர் என்று பெயர். பசுவின் படத்தைப் பார்த்து 'மாடு' என்பதும் தவறல்ல. ஆகவே சொற்களைச் சேர்க்கும் முன் படத்தை மட்டும் ஐந்தாறு குழந்தைகளிடம் தனித்தனியே காட்டி, "இது என்ன?" என்று கேட்க வேண்டும். எல்லாரும் ஒரே பெயரைச் சொன்னால் படம் தேறும். இருவர் வேறு பெயர் சொன்னாலே மாற்றிவிடுவது நல்லது. பின்னணி இல்லாத, ஒரே பொருளை அழுத்தமான கோட்டில் காட்டும் படம் போதும். வண்ணம் கட்டாயமில்லை.

மூன்று சொற்களில் குருட்டாம்போக்கில் தொட்டாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும். அதனால் ஒரே தடுமாற்றத்தை இன்னொரு வினாவிலும் சோதிக்க வேண்டும். மொட்டுப் படத்துக்கு மொட்டு, மெட்டு, மொட்டை என்று கொடுக்கலாம். இங்கும் ஒரு சொல்லில் கால் இல்லை, இன்னொன்றில் ஈற்றெழுத்து வேறு. ஆனால் அந்தப் படத்தைக் குழந்தைகள் 'பூ' என்று சொல்லிவிடாமல் இருக்கிறார்களா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இரு வினாக்களிலும் காலைத் தவறவிட்ட குழந்தைக்குக் கொம்போடு கால் சேரும் எழுத்துகளில் பயிற்சி தேவை. ஒன்றில் மட்டும் தவறினால் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டியதில்லை.

சரியான விடை எப்போதும் நடுவிலோ கடைசியிலோ வந்தால் குழந்தைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை அச்சிடுவதைவிட ஆசிரியர் வாயால் சொல்வதே முறை, வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அச்சிட்ட கட்டளையால் என்ன பயன்? வினாத்தாள் தயாரானதும் இன்னும் எழுத்தறியாத சில குழந்தைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம். அவர்களும் மூன்றில் ஒரு பங்குக்கு வெகு அதிகமாகச் சரி செய்தால், தாளில் எங்கோ துப்பு ஒளிந்திருக்கிறது.