ஐயாயிரத்து நானூறு ரூபாய் எங்கே?

ஈரோட்டில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். அறுபது சில்லறைக் கடைக்காரர்கள் அங்கே கடனுக்குச் சரக்கு எடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் உண்டு. பில் போட்டால் பற்றுப் பக்கத்தில் ஏறும், பணம் கட்டினால் வரவுப் பக்கத்தில் ஏறும், மிச்சம் அவருடைய பாக்கி. வாடிக்கையாளர்களுக்கான இந்தத் தனிப் பேரேட்டைத் துணைப் பேரேடு என்பார்கள். மாதம் நானூறு, ஐந்நூறு பதிவுகள் அதில் விழும். கணக்குப்பிள்ளை கை தவறி ஒன்றைப் பிசகாக எழுதிவிட்டால் எப்படித் தெரியும்?

அதற்காகத்தான் பொதுப் பேரேட்டில் அறுபது பேருக்கும் சேர்த்து இன்னொரு கணக்கு இருக்கிறது. அது கட்டுப்பாட்டுக் கணக்கு. இதில் தனித்தனி பில் எதுவும் ஏறாது. விற்பனை ஏட்டின் மாதக் கூட்டுத்தொகை பற்றில் ஒரே வரியாக ஏறும். ரொக்க ஏட்டில் உள்ள வசூலின் கூட்டுத்தொகை வரவில் ஒரே வரி. திரும்பி வந்த சரக்கும் கொடுத்த தள்ளுபடியும் அப்படியே. ஒரே பில் இரண்டு வழிகளில் பயணம் செய்கிறது: தனியாக ஒரு வழி, கூட்டத்தோடு ஒரு வழி. மாதக் கடைசியில் இரண்டும் ஒரே தொகையில் வந்து நிற்க வேண்டும்.

நம் கடையில் மாதத் தொடக்கப் பாக்கி 1,84,000 ரூபாய். கடன் விற்பனை 3,26,500. வசூல் 2,71,000, திரும்பிய சரக்கு 8,400, தள்ளுபடி 2,600. இவற்றைக் கழித்தால் கட்டுப்பாட்டுக் கணக்கு காட்டும் பாக்கி 2,28,500. அறுபது பக்கங்களின் பாக்கியைப் பட்டியல் போட்டுக் கூட்டினால் 2,33,900 வருகிறது. 5,400 கூடுதல்.

உடனே பில்களைப் புரட்டத் தொடங்கக் கூடாது. முதலில் பட்டியலை மறுபடி கூட்ட வேண்டும். முன்பணம் கட்டி வைத்திருப்பவரின் தொகையைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுவது அடிக்கடி நடப்பது. நம் பட்டியலில் அந்தத் தவறு இல்லை. போன மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போயிருந்ததால், பிசகு இந்த மாதப் பதிவுகளுக்குள்தான் இருக்கிறது. மாதாமாதம் ஒத்துப் பார்ப்பதன் பலன் இங்கேதான் தெரிகிறது. வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பவர் பன்னிரண்டு மாதப் பதிவுகளையும் தேட வேண்டியிருக்கும்.

அடுத்து, 5,400 என்ற தொகையிலேயே வசூல் ஏதாவது இருந்து, பேரேட்டில் ஏறாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லை. அதில் பாதி, 2,700. வரவில் எழுத வேண்டிய 2,700 பற்றில் ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகி 5,400 வரும். அப்படியும் எதுவும் இல்லை.

இனி ஒன்பதால் வகுத்துப் பார்க்கிறோம். மீதியில்லாமல் 600 வருகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 600 வந்ததால், ஆயிரத்தின் இலக்கத்துக்கும் நூறின் இலக்கத்துக்கும் ஆறு வித்தியாசம் உள்ள தொகையைத் தேடினால் போதும். 17, 28, 39 என்று தொடங்கும் பில்களை மட்டும் பேரேட்டோடு ஒப்பிடுகிறோம். விற்பனை ஏட்டில் 2,840, பேரேட்டில் 8,240. பிசகு கிடைத்துவிட்டது.

ஒன்பதால் வகுபடுவது ஒரு துப்புதான், சாட்சி அல்ல; வேறு காரணத்தால் வந்த வித்தியாசமும் வகுபடலாம். தப்பு எப்போதும் பேரேட்டில்தான் இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. விற்பனை ஏட்டின் பக்கக் கூட்டலில் ஆயிரம் விட்டுப்போயிருந்தால், அறுபது பக்கங்களும் சரியாக இருக்க, கட்டுப்பாட்டுக் கணக்குதான் தவறாக நிற்கும்.

இந்தச் சோதனையின் கண்ணில் படாத தவறுகளும் உண்டு. ஒரே பெயரில் பவானியில் ஒரு கடை, கோபியில் ஒரு கடை. பவானிக்காரர் கட்டிய பணத்தைக் கோபிக்காரர் பக்கத்தில் வரவு வைத்தால் கூட்டுத்தொகை மாறாது. விற்பனை ஏட்டிலேயே தப்பாக எழுதிய பில்லும், அடியோடு விட்டுப்போன பில்லும் இரண்டு வழியிலும் ஒரே மாதிரி பிசகுவதால் வெளிவராது. இவற்றைப் பிடிக்க, வாடிக்கையாளருக்கே பாக்கி விவரம் அனுப்பி ஒப்புதல் கேட்பதுதான் வழி.

டேலி போன்ற மென்பொருளில் வாடிக்கையாளர்களின் மொத்தப் பாக்கி அவர்கள் கணக்குகளைக் கூட்டியே வருகிறது. இரண்டும் ஒத்துப்போவதில் வியப்பில்லை, இரண்டாவது வழி என்று ஒன்று அங்கே இல்லை. கையால் பில் எழுதிப் பிறகு கணினியில் ஏற்றுபவர்கள், அன்றைய பில்களைக் கால்குலேட்டரில் தனியாகக் கூட்டி வைத்துக்கொண்டு, கணினி காட்டும் அன்றைய விற்பனையோடு ஒப்பிடுங்கள். கூட்டுபவரும் கணினியில் ஏற்றுபவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்.